சொற்பட்டியலை எங்கே வைப்பது: ஒவ்வொரு முறையும் ஒட்டவா, ஒரேயடியாக அமைப்பில் எழுதிவிடவா?

ஒரே கைபேசிச் செயலிக்கு இரண்டு உதவிப் பக்கங்கள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம், தனித்தனி உரையாடல்களில் எழுதி வாங்குகிறீர்கள். ஒன்றில் 'பதிவிறக்கம்' என்று வரும், மற்றதில் 'தரவிறக்கம்'. ஒன்று 'கிளிக் செய்யவும்' என்னும், மற்றது 'சொடுக்குக' என்னும். தனியாகப் படித்தால் எதிலும் பெரிய குறை தெரியாது. அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இருவர் எழுதியது போல இருக்கும்.

முதல் உரையாடலில் நாம் உட்கார்ந்து திருத்தி முடிவுசெய்த சொற்கள் அடுத்த உரையாடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. இதற்காகத்தான் பலரும் ஒரு சொற்பட்டியலும் நடைக்குறிப்பும் வைத்துக்கொள்கிறார்கள். பட்டியல் வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். ஒவ்வொரு உரையாடலின் தலையிலும் ஒட்டலாம். கருவியின் அமைப்புப் பகுதியில் நிலையான குறிப்பாக எழுதிவிடலாம். கோப்பாக இணைத்துவைக்கலாம். இல்லையென்றால் கருவி எழுதுகிறபடி எழுதட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் நாமே சொற்களை மாற்றிக்கொள்ளலாம். நான் ஒட்டுகிற கட்சி, ஆனால் மற்ற மூன்றுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு.

கடைசியில் மாற்றிக்கொள்வது

சோம்பலுக்கு ஏற்ற வழி இது. அதனால் முதலில் இதையே பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இது ஓரளவு ஓடும். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் வால் மாறிவிடுவதால் 'தேடி மாற்று' பாதி வழியில் நின்றுவிடும்.

'பாஸ்வேர்ட்' என்பதை எல்லா இடத்திலும் 'கடவுச்சொல்' ஆக்க வேண்டும். 'பாஸ்வேர்ட்' என்று தேடினால் உருபு ஏறாத வடிவம் மட்டுமே சிக்கும். 'பாஸ்வேர்டை', 'பாஸ்வேர்டில்', 'பாஸ்வேர்டுக்கு' ஆகிய மூன்றும் தப்பிவிடும், ஏனென்றால் அவற்றில் கடைசி ட-வின் மேல் புள்ளி இல்லை. சரி, புள்ளியை விட்டுவிட்டு 'பாஸ்வேர்ட' என்று தேடி 'கடவுச்சொல்' என்று மாற்றினால், 'பாஸ்வேர்டை' இருந்த இடத்தில் 'கடவுச்சொல்' என்பதை அடுத்து ஐகாரக் குறி மட்டும் பற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கும். இதைத் தவிர்க்க இரண்டு சுற்று போகலாம். முதலில் புள்ளி வைத்த வடிவத்தை மாற்றிவிட்டு, அதன்பின் 'பாஸ்வேர்ட' என்பதை 'கடவுச்சொல்ல' என்று மாற்றினால் 'கடவுச்சொல்லை', 'கடவுச்சொல்லில்', 'கடவுச்சொல்லுக்கு' எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். பன்மையில் மாட்டிக்கொள்வோம்: 'பாஸ்வேர்டுகள்' இருந்த இடத்தில் 'கடவுச்சொல்லுகள்' வந்து நிற்கும். 'கடவுச்சொற்கள்' என்று கையால் திருத்த வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை.

சொல்லாவது பரவாயில்லை. நடையைத் தேடி மாற்றவே முடியாது. 'அனுப்பப்படும்', 'கொடுக்கப்பட்டுள்ள' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் 'படு' ஏறியிருந்தால், அதைத் திருத்துவது புதிதாக எழுதுவதற்குச் சமம்.

ஆகவே இந்த வழியைத் திருத்தும் முறையாக வைத்துக்கொள்ளாமல், சரிபார்க்கும் முறையாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு இது உண்மையிலேயே பயன்படும். 'பதிவிறக்க' என்று ம்-ஐ விட்டுவிட்டுத் தேடினால் 'பதிவிறக்கம்', 'பதிவிறக்கத்தை', 'பதிவிறக்கப் பக்கம்' எல்லாம் அகப்படும். 'பதிவிறக்கி', 'பதிவிறக்குங்கள்' இரண்டும்கூட அதிலேயே சிக்கும், ஏனென்றால் அவற்றிலும் அதே க-வை அடுத்துத்தான் இகரக் குறியும் உகரக் குறியும் வருகின்றன.

அமைப்பில் நிலையாக எழுதிவிடுவது

எல்லா உரையாடல்களுக்கும் பொதுவாக ஒரு குறிப்பை அமைப்புப் பகுதியில் எழுதிவைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. ஒரு தடவை எழுதினால் போதும், ஒட்ட மறப்போம் என்ற கவலை இல்லை. எப்போதும் ஒரே வகை எழுத்தை மட்டும் எழுதுபவருக்கு, உதாரணமாக நாள் முழுக்க ஒரே செயலியின் உதவிப் பக்கங்களை எழுதுபவருக்கு, இதைவிட வசதியானது கிடையாது.

முதல் சிக்கல் இடம். சாட்ஜிபிடியில் 2023 ஜூலையில் இந்த வசதி வந்தபோது ஒரு பெட்டிக்கு 1500 குறிகள்தான் வரம்பு. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் கணினி குறிகளை எண்ணுகிற விதம் நாம் எழுத்தை எண்ணுகிற விதம் அல்ல. 'கோப்பு' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஆறு. 'பதிவிறக்கம் → தரவிறக்கம்' என்ற ஒரு வரி, இடைவெளிகளையும் வரி முறிவையும் சேர்த்து 25 குறிகளைத் தின்னும். அப்படி முப்பது வரி எழுதினால் பாதிப் பெட்டி நிரம்பிவிடும். நடைக்கு மாதிரி வாக்கியங்கள் தர மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். வேறு கருவிகளில் வரம்பு வேறாக இருக்கலாம், அதனால் பட்டியலை எழுதத் தொடங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமைப்பில் எழுதியது எல்லா உரையாடலுக்கும் போகும். உதவிப் பக்கத்துக்கென்று 'சின்ன வாக்கியம், நீங்கள் என்ற விளி, தட்டுங்கள்' என்று எழுதிவைத்தது, நண்பருக்கு ஒரு வாழ்த்து எழுதச் சொன்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். அது ஏன் அப்படி வருகிறது என்று யோசிக்கும்போது குறிப்பு கண்ணில் படாது, எழுதிவைத்தது நினைவிலும் இருக்காது. பக்கத்து மேசைக்காரர் அதே கேள்வியைத் தன் கணக்கில் கேட்டு வேறு நடையில் பதில் வாங்குவார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினால் உரையாடலில் ஒன்றும் தெரியாது.

சில கருவிகளில் இருக்கும் 'நினைவு' வசதியை இதற்கு மாற்றாக நம்பவேண்டாம். நீங்கள் எளிய தமிழை விரும்புகிறீர்கள் என்பது போன்ற சாரத்தை அது குறித்துக்கொள்ளும். நாற்பது சொல்லை எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கோப்பாக இணைப்பது

குழுவாக வேலை செய்பவர்களுக்கு இது கவர்ச்சியான வழி. எல்லோரும் ஒரே பட்டியலைப் பார்ப்பார்கள், ஒருவர் திருத்தினால் அனைவருக்கும் மாறும். ஆனால் கோப்பு பெரிதாக இருந்தால், சில கருவிகள் அதை முழுக்கப் படிப்பதில்லை. கேள்வியோடு பொருந்துகிற துண்டுகளைத் தேடி எடுத்து அவற்றை மட்டுமே படிக்கின்றன. கேள்வி பதில் கையேட்டுக்கு அது போதும். சொற்பட்டியலுக்கு ஒத்துவராது. 'கணக்கை நீக்குவது எப்படி என்று எழுது' என்று கேட்டால் 'கணக்கு', 'நீக்கு' பற்றிய வரிகள் அகப்படலாம். செயப்பாட்டுவினையைக் குறைக்கச் சொன்ன வரிக்கும் அந்தக் கேள்விக்கும் மேலோட்டமாக ஒரு தொடர்பும் இல்லாததால் அது கோப்புக்குள்ளேயே கிடந்துவிடும். சொற்கள் சரியாக வந்து நடை மட்டும் பழையபடி இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோப்பை ஒரு பக்கத்துக்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற பட்டியலை நேரே ஒட்டிவிட்டே போகலாமே என்பது வேறு விஷயம்.

தலையில் ஒட்டுவது

ஒட்டுவதில் உள்ள பெரிய ஆதாயம், எந்தக் குறிப்பின் கீழ் எது எழுதப்பட்டது என்பது உரையாடலிலேயே கண்ணெதிரில் இருப்பதுதான். உதவிப் பக்கத்துக்கு ஒரு பட்டியல், அறிவிப்புக்கு ஒன்று, விளம்பர வரிக்கு ஒன்று என்று வேலைக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கருவிக்கு மாறினாலும் பட்டியலும் கூடவே வரும்.

விலையும் உண்டு. உரையாடலில் நாம் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கருவி மேலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கிறது. எனவே இருநூறு வரிப் பட்டியல் ஒரு தடவை மட்டும் செலவாவதில்லை, ஒவ்வொரு கேள்விக்கும் செலவாகிறது. அதே பொருளை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழில் எழுதினால் இந்தக் கருவிகளுக்குப் பொதுவாக அதிகத் துண்டுகளாகவே தெரியும், ஆகவே பயன்பாட்டு வரம்பு சீக்கிரம் தீரும். முழுச் சொற்பட்டியலை ஒரு விரிதாளில் வைத்துக்கொண்டு, அன்றைய வேலைக்குத் தேவையான இருபது முப்பது வரிகளை மட்டும் எடுத்து ஒட்டுவது எல்லாவகையிலும் நல்லது.

அந்த இருபது வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் வழி வெல்வதும் தோற்பதும். உதவிப் பக்கத்துக்கான ஒரு பட்டியலை இங்கே தருகிறேன்:

```
வேலை: கைபேசிச் செயலியின் உதவிப் பக்கம்.
படிப்பவர்: செயலியைப் புதிதாகப் பயன்படுத்துபவர்.

சொற்கள் (இடப்பக்கச் சொல் வரும் இடத்தில் வலப்பக்கச் சொல்)
பாஸ்வேர்ட் → கடவுச்சொல், கடவுச்சொல்லை, கடவுச்சொற்கள்
பதிவிறக்கம் → தரவிறக்கம், தரவிறக்கத்தை, தரவிறக்குங்கள்
கிளிக் செய், சொடுக்கு → தட்டு, தட்டுங்கள்
ஓடிபி, ரகசியக் குறியீடு → குறியெண், குறியெண்ணை

அப்படியே இருக்கட்டும்: வைஃபை, புளூடூத், சிம்

நடை
இப்படி வேண்டாம்: உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு குறியெண் அனுப்பப்படும்.
இப்படி: உங்கள் மின்னஞ்சலுக்குக் குறியெண் வரும்.
பொத்தானில்: சேமி. விளக்கத்தில்: சேமியுங்கள்.
```

இடப்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கில மூலத்தை மொழிபெயர்க்கிற வேலை என்றால் அது தேவைப்படும். தமிழிலேயே எழுதச் சொல்லும்போது, கருவி தானாக எழுதுகிற தமிழ் வடிவங்கள்தான் நமக்கு எதிரி, அவற்றையே இடப்பக்கம் எழுத வேண்டும். 'கோப்பு' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் தந்தால், கருவி அந்த அமைப்பையே பின்பற்றி, உதவிப் பக்கம் முழுக்க ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அடைப்புக்குறி போட ஆரம்பித்துவிடும். பட்டியலின் வடிவத்தையும் அது மாதிரியாக எடுத்துக்கொள்கிறது.

உருபேற்ற வடிவத்தை ஒன்றிரண்டு சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 'கடவுச்சொற்கள்' என்று ஒருமுறை கண்ணில் காட்டிவிட்டால் 'கடவுச்சொல்கள்' வருவது குறையும்.

'அப்படியே இருக்கட்டும்' என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்ததும் கருவிக்குத் தனித்தமிழ் ஆர்வம் பிறந்துவிடும். நீங்கள் கேட்காமலேயே வைஃபை 'அருகலை' ஆகும், புளூடூத் 'ஊடலை' ஆகும். அந்தச் சொற்கள் பிடித்தவர்கள் தாராளமாகப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் கைபேசித் திரையில் 'வைஃபை' என்று இருக்கும்போது உதவிப் பக்கம் 'அருகலையை இயக்குங்கள்' என்றால், படிப்பவர் எதைத் தட்டுவார்?

நடைப் பகுதியில் விதி எழுதுவதைவிட வாக்கிய இணை எழுதுவதே பலிக்கிறது. 'செயப்பாட்டுவினை வேண்டாம்' என்று விதியாகச் சொன்னால் கருவி அதை அப்படியே கடைப்பிடித்து, 'நாங்கள் உங்களுக்குக் குறியெண்ணை அனுப்புவோம்' என்று யாரோ ஒருவரை எழுவாயாகக் கொண்டுவந்து உட்காரவைக்கும். விதி மீறப்படவில்லை, வாக்கியம்தான் விறைத்துப்போய்விட்டது. 'குறியெண் வரும்' என்ற மாதிரியைக் காட்டினால் அடுத்த வாக்கியத்தில் 'உறுதிப்படுத்தப்பட்டது' என்பதற்குப் பதில் 'உறுதியாகிவிட்டது' என்று தானே எழுதும். 'இயல்பான தமிழில் எழுது' என்ற வரிக்கு அநேகமாகப் பலனே இல்லை. இயல்பு என்றால் என்ன என்பதில் அதற்கும் நமக்கும் கருத்து வேறுபாடு.

பட்டியலை ஒட்டியதும் 'புரிந்துகொண்டேன், இனி இவற்றைப் பின்பற்றுகிறேன்' என்று பதில் வரும். அதற்கு ஒரு மதிப்பும் கொடுக்காதீர்கள். பட்டியலையும் முதல் வேலையையும் ஒரே செய்தியில் அனுப்பிவிட்டு, வருகிற முதல் பத்தியைப் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தைப் பட்டியல் இல்லாமல் கேட்டால் இப்படி ஒன்று வரும்:

'உங்கள் பாஸ்வேர்டை மீட்டமைக்க, கீழே கொடுக்கப்பட்டுள்ள இணைப்பை கிளிக் செய்யவும். உங்கள் பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு ரகசியக் குறியீடு அனுப்பப்படும்.'

மேலே உள்ள பட்டியலோடு கேட்டால் எதிர்பார்க்க வேண்டியது இது:

'கடவுச்சொல் மறந்துவிட்டதா? கீழே உள்ள இணைப்பைத் தட்டுங்கள். நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சலுக்குக் குறியெண் வரும்.'

சொற்கள் எல்லாம் மாறி, 'அனுப்பப்படும்' மட்டும் அப்படியே நின்றால் மாதிரி வாக்கியம் போதவில்லை என்று பொருள். இன்னொரு இணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள சொற்கள் தேவையில்லாத இடத்திலும் வந்து விழுந்தால், உதாரணமாகக் கடவுச்சொல் பக்கத்தில் தரவிறக்கம் பற்றி ஒரு வாக்கியம் வந்தால், பட்டியல் அந்த வேலைக்கு நீளம் அதிகம். அங்கே சேர்ப்பதைவிட வெட்டுவதுதான் வைத்தியம்.

உரையாடல் நீள நீளப் பிடி தளரும். முதல் மூன்று பக்கங்கள் ஒழுங்காக வந்து, பிறகு ஓரிடத்தில் 'செய்யவும்' தலைகாட்டும். அதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் அடுத்த பக்கத்தில் 'செய்யவும்' இரண்டு இடத்தில் இருக்கும். பட்டியல் மேலே எங்கோ தொலைவில் இருக்கிறது, தான் இப்போது எழுதிய பக்கமோ பக்கத்திலேயே இருக்கிறது. கருவி பக்கத்தில் இருப்பதை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் 'செய்யவும் வேண்டாம் என்று சொன்னேனே' என்று கீழே கடிந்துகொள்வதில் பயன் குறைவு. பிழையான பதில் உரையாடலில் அப்படியே இருக்கிறது, கூடவே 'செய்யவும்' என்ற சொல்லை நாமும் இன்னொரு முறை எழுதிவிட்டோம். பிழை வந்த பதிலுக்கு மேலே நாம் எழுதிய செய்தியைத் திருத்தி, மீறப்பட்ட ஒரு வரியை மட்டும் அதில் சேர்த்து, பதிலை மறுபடி வாங்குவது நல்லது. அப்போது பிழையான பக்கம் கருவி படிக்கிற வரிசையிலிருந்தே போய்விடும். அந்த வசதி இல்லாத கருவியில், நல்லபடியாக வந்த ஒரு பக்கத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு புது உரையாடல் தொடங்கிவிடுங்கள். நல்ல பக்கம் ஒன்று பத்து நடை விதிகளின் வேலையைச் செய்யும்.

நாம் கேட்கிற தமிழும் பதிலின் நடையை இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. பட்டியலில் 'தட்டுங்கள்' என்று எழுதிவிட்டு, கேள்வியில் 'யூசர் கிளிக் பண்ணினா என்ன ஆகும்னு எழுது' என்று கேட்டால், எந்தப் பக்கம் சாய்வது என்று அதற்குத் தெரியாது.

யார் எதை எடுத்துக்கொள்வது

ஒரே வகை எழுத்து, ஒரே ஆள், பட்டியல் இருபது வரிக்குள் என்றால் அமைப்பில் எழுதிவிடுங்கள். மாறும் அளவுக்கு வேலை வகைகள் இல்லாதபோது ஒவ்வொரு முறையும் ஒட்டுவது வீண் வேலை. இரண்டு வகை எழுத்து வந்துவிட்டாலே ஒட்டுவதற்கு மாறுங்கள். அமைப்பில் வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓரிரு வரிகளை மட்டும், 'அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் வேண்டாம்' போன்றவற்றை, விட்டுவைக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று முரணான வரி இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது. அமைப்பில் 'செய்யவும்', ஒட்டியதில் 'செய்யுங்கள்' என்றிருந்தால் ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வரும், அதற்கான காரணத்தை உரையாடலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

குழு என்றால் முழுப் பட்டியல் பொதுவான விரிதாளில் இருக்கட்டும். ஒட்டுவதற்கான துண்டுகளை ஒருவர் மட்டும் தயாரிக்கட்டும். ஒவ்வொரு துண்டின் முதல் வரியிலும் தேதி போடச் சொல்லுங்கள். பழைய உரையாடலைத் திறந்து பார்க்கும்போது எந்தப் பட்டியலின்படி அது எழுதப்பட்டது என்று அந்தத் தேதிதான் சொல்லும். வெளியிடப்படாத வசதிகளின் பெயர்களை அந்தத் துண்டில் சேர்க்கலாமா என்பதை நிறுவனத்தில் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் வெளியிடும் முன் அடிச்சொற்களைத் தேடிப் பார்க்கும் அந்தக் கடைசிச் சரிபார்ப்பு இருக்கட்டும். அதில் ஒரு சிறு கண்ணி. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். 'கொ' என்பதில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, சில எழுதுகருவிகளில் தேடினால் மட்டும் அகப்படாது. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த பட்டியல்களில் இதை எதிர்பார்க்கலாம். கண்ணெதிரே இருக்கிற சொல் தேடலில் வரவில்லை என்றால், பட்டியலில் உள்ள அந்தச் சொல்லை அழித்துவிட்டு விசைப்பலகையில் மறுபடி தட்டச்சு செய்து பாருங்கள்.